திரையில் தெரிந்த காக்கிச் சட்டை: மலையகப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிகளுக்கும் வங்கிக் கிளை முகாமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மலையகப் பொலிஸ் நிலையங்களின் பொறுப்பதிகாரிகளுக்கும், இங்குள்ள வங்கிக் கிளைகளின் முகாமையாளர்களுக்கும்,

"நீங்களாகவே அனுப்பிய பணந்தானே, இதில் நாங்கள் என்ன செய்வது?" என்ற கேள்வியை, காணொளி அழைப்பில் பொலிஸாக நடித்தவர்களிடம் தன் சேமிப்பை இழந்த என் தங்கை, ஒரே நாளில், ஒரே பிற்பகலில், இரண்டு மேசைகளுக்கு முன்னால் நின்று கேட்கவேண்டியிருந்தது. ஒரு மேசை வங்கியினுடையது, மற்றது பொலிஸ் நிலையத்தினுடையது. அந்தக் கிளையின் பெயரையோ நிலையத்தின் பெயரையோ நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. ஆனால் அந்தக் கேள்வி சட்டப்படி பிழையானது என்பதையும், அதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவளுடைய பணம் கைக்கெட்டாத தூரத்துக்குப் போனது என்பதையும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

என் தங்கை தோட்டப் பாடசாலைகளில் 30 வருடங்களுக்கு மேல் கற்பித்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை, ஒரே மகன் கட்டாரில் வேலை செய்கிறான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9.40 மணிக்கு அவளுடைய கைப்பேசிக்கு வந்த அழைப்பில் பேசியவர், தான் கட்டுநாயக்க விமான நிலையச் சுங்கத்தில் கடமையாற்றுவதாகச் சொன்னார். அவளுடைய பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு பொதியில் போதைமாத்திரைகளும் நான்கு கடவுச்சீட்டுகளும் பிடிபட்டிருக்கின்றன என்றார். அப்படி எதையும் தான் அனுப்பவில்லை என்று இவள் சொன்னதும், "அப்படியானால் உங்கள் அடையாள அட்டையை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள், நான் உங்களைப் பொலிஸுக்கு இணைக்கிறேன், அவர்களிடமே சொல்லுங்கள்" என்று ஆறுதலாகப் பேசினார். முதலில் பேசுபவர் மிரட்டுவதில்லை. உதவி செய்வதுபோலப் பேசி, மிரட்டப்போகிறவரிடம் ஆளை ஒப்படைப்பதுதான் அவருடைய வேலை.

அடுத்து வட்ஸ்அப்பில் காணொளி அழைப்பு வந்தது. திரையில் காக்கிச் சீருடையில் ஒருவர் இருந்தார், பின்னால் தேசியக் கொடி இருந்தது, பக்கத்தில் வோக்கி-டோக்கி இரைந்துகொண்டிருந்தது. அவர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மாறி மாறிப் பேசினார், பிறகு "அம்மாவுக்கு விளங்கும்படி தமிழ் அதிகாரி பேசுவார்" என்று இன்னொருவரிடம் கொடுத்தார். அந்தத் தமிழர் அவளுடைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும், பிறந்த திகதியையும், மகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதையும் சொன்னார். அவ்வளவுதான், நம்பிவிட்டாள். "அண்ணா, இத்தனை வருடத்தில் பொலிஸில் எனக்குத் தமிழில் நிதானமாக விளக்கம் சொன்ன முதல் ஆள் அவன்தான்" என்று பிறகு என்னிடம் சொன்னாள். இந்த வசனத்தைப் பொறுப்பதிகாரிகள் சற்று நின்று வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பு 1987ஆம் ஆண்டிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் நாட்டில், அந்த வசதியை அவளுக்கு முதலில் கொடுத்தவன் ஒரு மோசடிக்காரன்.

அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னால் அவர் அதிகாரியாகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் எங்கள் சனங்களிடம் ஆழமாக இருக்கிறது. உண்மையில் அந்த இலக்கம் ஒரு இரகசியமே அல்ல. கடன் கேட்டும், சிம் அட்டை வாங்கியும், வெளிநாட்டு முகவரிடம் விண்ணப்பித்தும் அதன் பிரதியை எத்தனையோ கடைகளில் விட்டுவிட்டு வருகிறோம். பிறந்த திகதியோ இலக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. பழைய அட்டையில் முதல் இரண்டு எண்களும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 1956 பெப்ரவரி 10ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணின் இலக்கம் 56541 என்று தொடங்கும். இலக்கம் கிடைத்த எவரும் ஒரு நிமிடத்தில் திகதியைக் கணக்கிட்டுச் சொல்லி வியப்பில் ஆழ்த்தலாம்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழைப்பைத் துண்டித்தால் அதையே தப்பியோடும் முயற்சியாகக் கருதி உடனே கைது செய்வோம் என்றார்கள். மகனிடம் சொன்னால் கட்டாரில் அவனுடைய வேலைக்கு ஆபத்து என்றார்கள். அண்டை அயலாரிடமும் வங்கியிலும் சொல்லக்கூடாது, ஏனென்றால் அங்கும் இந்தக் கும்பலின் ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்கள். இரவு முழுவதும் கைப்பேசியை மின்னேற்றியில் செருகி, திரையைத் தன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு அவள் தூங்காமல் இருந்திருக்கிறாள். கணக்கில் உள்ள பணம் கறுப்புப் பணமா என்று "பரிசோதிக்க" அதை ஒரு "அரச பாதுகாப்புக் கணக்குக்கு" மாற்றவேண்டும், 48 மணித்தியாலத்தில் திருப்பி வந்துவிடும் என்று சொல்லி, செவ்வாய்க்கிழமையே கைப்பேசிச் செயலி வழியாக ரூபா 190,000 வாங்கினார்கள். புதன்கிழமை காலை வங்கிக்குப் போய், முதிர்வுக்கு ஏழு மாதம் இருந்த நிலையான வைப்பை உடைத்து ரூபா 600,000 அனுப்பினாள். அழைப்பு ஓடிக்கொண்டிருந்த கைப்பேசி அந்த நேரம் அவளுடைய கைப்பையில் இருந்தது. என்ன தேவைக்கு என்று கருமபீடத்தில் கேட்டபோது, சொல்லிக்கொடுத்தபடியே "வீடு திருத்த" என்றாள். பெறுநர் கணக்கு ஒரு தனிநபருடையது, அவள் ஒருபோதும் போகாத ஊரிலுள்ள ஒரு கிளையுடையது. வீடு திருத்தும் பாஸ் அவ்வளவு தூரத்திலா இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவதாக "பிணைப் பணம்" என்று ரூபா 350,000 கேட்டபோது கையில் ஒன்றும் இருக்கவில்லை. நகையை அடகு வைக்க என்னையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று புதன் பகல் ஒன்றரை மணிக்கு என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து கைப்பேசியை நானே எடுத்தேன். திரையில் இருந்தவரிடம் சிங்களத்தில் மூன்று விடயங்களைக் கேட்டேன்: உங்கள் நிலையம் எது, நீதிமன்ற வழக்கு இலக்கம் என்ன, இப்போதே இவளை எங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிச்செல்கிறேன், அங்குள்ள பொறுப்பதிகாரியோடு பேசுகிறீர்களா? மூன்றாவதைக் கேட்டதும் திட்டினார், பிறகு திரை கறுத்துப்போனது. 28 மணித்தியாலக் "காவல்" அத்தோடு முடிந்தது.

நான் சட்டத்தரணி அல்லன், ஓய்வு பெற்ற தபால் அதிபர். ஆனால் சுங்கமும் பொதியும் என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் என் மேசைமேல் இருந்தவை. வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பொதியைச் சுங்கம் பரிசோதிக்கிறது, பெறுநருக்கு எழுத்தில் அறிவித்தல் வருகிறது, வரி இருந்தால் அதைக் கட்டியதற்கு இலக்கமிட்ட அரச பற்றுச்சீட்டு கிடைக்கிறது. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவைக்கூட நான் வாங்கியதில்லை, வாங்கியிருந்தால் என் வேலை போயிருக்கும். தடைசெய்யப்பட்ட பொருள் பிடிபட்டால் விசாரணை நடத்தவும் தண்டப்பணம் விதிக்கவும் சுங்கத்துக்கு அதிகாரம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அந்த விசாரணைக்கு ஆள் அழைக்கப்படுவார், வாக்குமூலம் எழுதப்படும், தீர்மானம் எழுத்தில் இருக்கும், பணம் அரச கணக்குக்குப் போகும். எவரோ ஒருவருடைய சேமிப்புக் கணக்குக்குப் பணம் கேட்கும் சுங்க அதிகாரி என்று ஒருவர் இருக்கமுடியாது.

பொலிஸ் விடயத்துக்கு வருகிறேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவு, கைது செய்யும்போது அதிகாரி அந்த ஆளின் உடலைத் தொடவேண்டும் அல்லது அடைத்துவைக்கவேண்டும், சொல்லாலோ செயலாலோ அவர் தானாகக் காவலுக்கு உட்பட்டாலன்றி, என்று சொல்கிறது. குற்றச்சாட்டு என்னவென்று அப்போதே தெரிவிக்கவும் வேண்டும். பிடியாணையின்றிக் கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்காமல் நீதவான் முன் நிறுத்தவேண்டும். இவை எல்லாம் ஓர் ஆள் இன்னோர் ஆளின் முன்னால் நிற்பதை அடிப்படையாகக் கொண்டவை. நூறு கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு திரையில் இருப்பவர் உடலைத் தொடுவதும் இல்லை, நீதவானிடம் கொண்டுபோவதும் இல்லை. "ஆனால் இப்போது நீதிமன்றமே காணொளியில் நடக்கிறதே" என்று எங்கள் தெருப் பையன் ஒருவன் கேட்டான், நல்ல கேள்விதான். விளக்கமறியலில் இருப்பவரைச் சிறையிலிருந்தே காணொளியில் நீதவான் முன் நிறுத்துவதுண்டு. அங்கே அந்த ஆள் ஏற்கனவே அரசின் காவலில் இருக்கிறார், அழைப்பை நடத்துவது நீதிமன்றம், எவரும் அவரிடம் பணம் அனுப்பச் சொல்வதில்லை. வீட்டு அறையில் இருக்கும் ஒருவரைக் கைப்பேசியால் காவலில் வைக்கும் முறை எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. பிணை என்றாலும் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ கையொப்பத்தோடு நடக்கும் காரியம் அது. தண்டப்பணத்தைத் தீர்ப்புக்குப் பிறகுதான் நீதிமன்றம் அறவிடும். உண்மையாகவே போதைப்பொருள் குற்றச்சாட்டு இருந்திருந்தால், எந்தத் தரத்திலுள்ள பொலிஸ் அதிகாரியாலும் பணம் வாங்கிக்கொண்டு அதை முடித்துவைக்கமுடியாது. முடித்தால் அது இலஞ்சம்.

அவளுக்கு அனுப்பப்பட்ட "பிடியாணை"யின் படத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதில் சிவப்பு முத்திரை இருக்கிறது, சிங்க இலச்சினை இருக்கிறது, நீதிமன்றத்தின் பெயருக்குக் கீழே வழக்கு இலக்கம் இல்லை. அதைவிட என்னை உறுத்தியது அதன் தமிழ். "காவல்துறை" என்றும் "கைது உத்தரவு" என்றும் "சுங்கத்துறை ஆணையர்" என்றும் எழுதியிருந்தார்கள். இந்த நாட்டில் எந்த அரச கடிதமும் பொலிஸைக் காவல்துறை என்று எழுதி நான் கண்டதில்லை. எங்களுக்குப் பொலிஸ், பிடியாணை, சுங்கப் பணிப்பாளர் நாயகம். எங்கோ இருந்து இயந்திரத்தில் மொழிபெயர்த்த தமிழ் அது. என் தங்கை தமிழ் படிப்பித்தவள், வேறொரு நாளில் அதைப் பார்த்திருந்தால் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பாள். இரவு முழுக்கத் தூங்காதவளின் கண்ணுக்கு அந்த முத்திரை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

இனி, அந்தப் புதன்கிழமையின் மிகுதி. பிற்பகல் 2.15க்கு வங்கிக்குப் போனோம். பெறுநர் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லிக் கெஞ்சினோம். நீங்களாகவே அனுப்பிய பணந்தானே, பொலிஸ் கடிதம் இல்லாமல் எதுவும் செய்யமுடியாது என்றார்கள். மூன்று மணிக்கு முன்பே பொலிஸ் நிலையத்தில் நின்றோம். வங்கியிலிருந்து கொடுக்கல் வாங்கல் விபரத்தை முத்திரையோடு கொண்டுவாருங்கள், கணக்கு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ப் பொலிஸுக்குப் போவதுதான் நல்லது, எப்படியும் நீங்களாகவே அனுப்பிய பணந்தானே என்றார்கள். திரும்பி ஓடியபோது வங்கி மூடியிருந்தது. முறைப்பாடு வெள்ளிக்கிழமைதான் எழுதப்பட்டது, அதுவும் சிங்களத்தில். அதை வாசித்துக் காட்டுமாறு கேட்காமலேயே அவள் கையொப்பமிட்டாள். திங்கட்கிழமை தெரியவந்த தகவல்படி, அவள் அனுப்பிய பணத்தில் அந்தக் கணக்கில் எஞ்சியிருந்தது சில நூறு ரூபாய்கள். கணக்குக்காரன் சில ஆயிரம் ரூபாவுக்குத் தன் கணக்கையும் அட்டையையும் கொடுத்துவிட்ட ஒரு வேலையில்லாத இளைஞனாம்.

பொறுப்பதிகாரிகளே, நீங்களாகவே அனுப்பியது என்பது முறைப்பாட்டை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமாகாது. தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவில் ஏமாற்றுதல் என்ற குற்றத்தின் வரைவிலக்கணத்தை எடுத்துப் பாருங்கள். ஒருவரை ஏமாற்றி, அதன்மூலம் அவரே தம் சொத்தைக் கையளிக்கும்படி நேர்மையீனமாகத் தூண்டுவதுதான் அந்தக் குற்றம். பறித்தெடுத்திருந்தால் அது களவு அல்லது கொள்ளை என்று வேறு பிரிவில் போயிருக்கும். பாதிக்கப்பட்டவரின் கையே பணத்தைக் கொடுத்தது என்பது இங்கே குற்றத்தின் ஓர் உறுப்பு. அதோடு அரச ஊழியராக வேடமிடுவது தனிக் குற்றம், பயமுறுத்திப் பணம் பெறுவது இன்னொரு குற்றம். ஒரே அழைப்பில் மூன்றும் இருக்கின்றன. தன்னைத்தானே குற்றஞ்சாட்டிக்கொண்டு உங்கள் வாசலில் நிற்கும் ஒரு முதிய பெண்ணிடம் "நீங்களாகவே" என்ற சொல்லைச் சொல்லும்போது, மோசடிக்காரன் விட்ட இடத்திலிருந்து நீங்கள் தொடங்குகிறீர்கள்.

எங்கள் சனங்கள் ஏன் இவ்வளவு எளிதாகச் சீருடைக்கு அடங்கிப்போகிறார்கள் என்று நகரத்துப் படித்தவர்கள் சிலர் சிரிக்கிறார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, பிறகு பல பத்தாண்டுகள் கடதாசிகளோடு அலுவலகங்களின் வாசலில் நின்ற ஒரு சமூகம் இது. அடையாள அட்டையைக் காட்டு என்று வீதியில் சொன்னால் காரணம் கேட்காமல் காட்டப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவள் என் தங்கை. 1983ஐயும் அவள் பார்த்தாள், அதற்குப் பிந்திய சுற்றிவளைப்புகளையும் பார்த்தாள். அந்தப் பயத்தை அந்த ஆள் உண்டாக்கவில்லை, ஏற்கனவே இருந்ததைப் பயன்படுத்தினான்.

முகாமையாளர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் இப்போது சில வினாடிகளில் போய்விடுகிறது, அது நல்ல வசதிதான். ஆனால் அதே வேகத்தில் அது மறுபக்கத்தில் தன்னியக்கப் பணப்பொறியால் வெளியேயும் போகிறது. இதில் தடுக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, பணம் புறப்படுவதற்கு முந்திய கருமபீடம். 69 வயதுப் பெண் முதிராத வைப்பை உடைக்கிறார், முன்பின் அனுப்பியிராத தனிநபர் கணக்குக்கு முழுவதையும் அனுப்புகிறார், பேசும்போது கைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். இந்த மூன்றும் சேர்ந்திருக்கும்போது ஒரு கேள்வி போதாது. "என்ன தேவைக்கு" என்றால் சொல்லிக்கொடுத்த பதில் வரும். "இப்போது யாராவது உங்களோடு தொலைபேசியில் இருக்கிறார்களா, அம்மா?" என்று கேட்டால் பெரும்பாலும் முகமே பதில் சொல்லிவிடும். கேள்வியை வாயால் கேட்காமல் ஒரு துண்டுக் கடதாசியில் தமிழில் எழுதி நீட்டுவது இன்னும் நல்லது, கைப்பைக்குள் இருப்பவனுக்கு அது கேட்காது. உங்கள் கிளையின் சுவரில் மோசடி எச்சரிக்கை ஒட்டப்பட்டிருந்ததை நான் கண்டேன். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது.

இவற்றின் பேரில் நான் உங்களிடம் கேட்பவை இவை. பொலிஸ் நிலையங்களில், காணொளியில் அதிகாரியாக நடித்துப் பணம் பறித்த முறைப்பாட்டை, பணம் போன கணக்கு எந்த ஊரில் இருந்தாலும், வந்த நேரத்திலேயே ஏற்று எழுதுங்கள். வங்கி விபரம் கொண்டுவரும்வரை ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள். கைப்பேசியில் இருக்கும் பரிமாற்ற இலக்கமும் பெறுநர் கணக்கு இலக்கமும் முதல் நடவடிக்கைக்குப் போதும். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரி ஒரு கணக்கை ஏழு நாட்களுக்கு முடக்கிவைக்கக் கட்டளையிட இடமளிக்கிறது என்று சட்டத்தரணியான என் மருமகன் சொன்னான். அப்படியானால் இத்தகைய முறைப்பாடு அன்றைக்கே அந்த மேசைக்குப் போவதற்கு ஒரு நடைமுறையை எழுதி, தொலைபேசி இலக்கத்தோடு நிலையத்தில் ஒட்டுங்கள். முறைப்பாட்டைச் சொன்னவரின் மொழியில் எழுதுங்கள், அல்லது கையொப்பத்துக்கு முன் அவருடைய மொழியில் வாசித்துக் காட்டுங்கள்.

வங்கிக் கிளைகளில், வாடிக்கையாளர் மோசடி என்று நேரில் வந்து சொன்ன நிமிடத்தில், பொலிஸ் கடிதத்துக்குக் காத்திருக்காமல், பெறுநர் வங்கியின் மோசடிப் பிரிவுக்கு நீங்களே தகவல் கொடுங்கள். தகவல் கொடுப்பதற்குக் கடிதம் தேவையில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குத்தான் கட்டளை தேவை. ஓய்வூதியக்காரரும் ஊழியர் சேமலாப நிதி பெற்ற தோட்டத் தொழிலாளரும் வைப்பை உடைக்க வரும்போது, நான் மேலே எழுதிய கேள்வியைத் தமிழில் அச்சிட்ட ஓர் அட்டையைக் கருமபீடத்தில் வைத்து நீட்டுங்கள். "பொலிஸோ சுங்கமோ காணொளி அழைப்பில் எவரையும் கைது செய்வதில்லை, பணம் கேட்பதில்லை, கேட்டால் அழைப்பைத் துண்டித்து 119க்கு அழையுங்கள்" என்ற ஒரு வரியை, கிளையின் வாசலில் தமிழில், முதியவர்கள் கண்ணாடியின்றி வாசிக்கும் அளவில் ஒட்டுங்கள்.

கடைசியாக, என் தங்கையின் வெள்ளிக்கிழமை முறைப்பாட்டின் தமிழ்ப் பிரதியொன்றை நிலையத்திலிருந்து நாங்கள் எழுத்தில் கேட்டிருக்கிறோம். அதை இந்த மாதத்துக்குள் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தபால் அதிபர் ஒருவர்
நுவரெலியா மாவட்டம்